அம்மாவுக்கு வந்த பார்சல்: திறப்பதற்கு முன் என்னென்ன படம் எடுத்து வைக்க வேண்டும்?

மதி_கொக்குவில் | செவ்வாய், பிற்பகல் 2.10

வணக்கம். ரொறன்ரோவில் இருக்கும் அக்கா, அம்மாவுக்கென்று கொழும்பில் உள்ள ஓர் இணையக் கடையில் இரண்டு சாமான் எடுத்திருந்தா. ஒன்று பிரஷர் பார்க்கும் மெஷின். மற்றது சீனி பார்க்கும் மெஷின், அதோடு ஐம்பது ஐம்பதாக இரண்டு பெட்டி ஸ்ரிப். மொத்தம் 25,500 ரூபா, அக்காவின் கார்ட்டில் கட்டியாச்சு. இன்று காலை 11 மணியளவில் கூரியர் தம்பி கொண்டுவந்து தந்தார். நான் வேலையில். அம்மாதான் கையெழுத்து வைத்து வாங்கினா.

பெட்டியை இன்னும் திறக்கவில்லை. போன வருடம் இப்படித்தான் ஒரு பார்சலில் பாதிச் சாமான் வரவில்லை. கேட்டதற்கு “திறக்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா?” என்று ஒரே கேள்வி. எங்களிடம் இல்லை. காசும் திரும்பவில்லை. அதனால் இந்த முறை வீடியோ எடுக்காமல் தொடவே வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டா.

பெட்டியின் ஒரு பக்கத்தில் மண்ணிற டேப்புக்கு மேல் இன்னொரு தெளிவான டேப் ஒட்டியிருக்கிறது. அதுதான் மனதை உறுத்துகிறது. என்ன ஒழுங்கில் எடுக்க வேண்டும், எதையெல்லாம் காட்ட வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ. வேலை முடிந்து ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவேன்.

---

ரஜி_நெல்லியடி | 2.31

திகதி, நேரம் படத்திலேயே விழுகிற மாதிரி ஒரு செயலி இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கோ. பெட்டிக்குப் பக்கத்தில் இன்றைய பத்திரிகையையும் வைத்து நாலு பக்கமும் படம் எடுங்கோ. நேரம் விழுந்துவிட்டால் அவர்களால் ஒன்றும் சொல்ல முடியாது. நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

---

வடலி | 2.44

நானும் இதைத்தான் கேட்க இருந்தேன். சப்பாத்து ஒரு சைஸ் சின்னதாக வந்துவிட்டது. திருப்பி அனுப்புகிற கூரியர் காசை நாங்கள் கட்ட வேண்டுமா, கடை கட்டுமா? நான் இருப்பது சாவகச்சேரியில்.

---

சிவம்_சுன்னாகம் | 3.05

வடலி தம்பி, உங்களுடையது வேறு கதை. சைஸ் பிழைக்கு வீடியோ தேவையில்லை, சப்பாத்தும் பெட்டியும் புதுசாக இருந்தால் போதும். கூரியர் காசை யார் கட்டுவது என்பது கடையின் திருப்பி அனுப்பும் விதியில் இருக்கும். அனுப்புவதற்கு முன் அதைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கோ.

மதி தங்கச்சி, நான் கொழும்பில் ஓர் இணையக் கடையில் திரும்பி வரும் பொருட்கள் பகுதியில் ஏழு வருடம் இருந்தவன். இப்போது ஊரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். அங்கே மேசைக்கு வந்த வீடியோக்களை நாங்கள் எப்படிப் பார்த்தோம் என்று சொல்கிறேன், அது உங்களுக்கு உதவும்.

பார்க்கிறவர் மனதில் ஓடுவது மூன்று கேள்விதான். இது நாங்கள் அனுப்பிய அதே பார்சலா? வீடியோ தொடங்கும்போது அது திறக்கப்படாமல் இருந்ததா? தொடங்கியதிலிருந்து முடியும்வரை எந்தச் சாமானாவது கண்ணுக்குத் தெரியாமல் வெளியே போக வழி இருந்ததா? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் கோப்பை மூடிவிடுவார்கள்.

ரஜி சொன்ன நேர முத்திரை கெடுதல் இல்லை. ஆனால் அந்த நேரத்தைப் போனில் யாரும் மாற்றலாம். அது எங்களுக்கும் தெரியும், அதனால் அதை வைத்து நாங்கள் ஒரு கோப்பையும் முடிவு செய்ததில்லை. நாங்கள் பார்த்தது வெட்டில்லாத ஒரே ஓட்டத்தை. பத்திரிகை வைப்பதும் அப்படித்தான், “இந்த நாளுக்கு முன் எடுக்கவில்லை” என்பதை மட்டுமே அது காட்டும்.

முதலில் வீடியோ வேண்டாம், படம். வீடியோவில் லேபிளின் சின்ன எழுத்துகள் மங்கிவிடும். பிறகு ஓர் எண் தெரியவில்லை என்பதற்காகவே நிராகரித்த கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். லேபிளை நேராக ஒரு படம், கோட்டு எண், அதாவது கோடுகளுக்குக் கீழே உள்ள எண், முழுதும் விழ வேண்டும். அப்புறம் ஆறு முகமும், நாலு அல்ல ஆறு, அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அந்த இரண்டாவது டேப் உள்ள இடத்தைக் கிட்டவாக இரண்டு மூன்று படம், ஒன்று சாய்வாக வெளிச்சம் படும்படி. டேப் பளபளப்பு, நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. டியூப் லைட்டுக்குக் கீழே வேண்டாம், ஐந்தரைக்கு முன் விறாந்தையில் எடுத்தால் நல்லது.

பிறகு வீடியோ. போனை விமான நிலையில் போட்டுவிடுங்கோ. இடையில் அழைப்பு வந்தால் சில போன்களில் பதிவு நின்றுவிடும். இடம் இருக்கிறதா என்றும் பாருங்கோ. 1080 தரத்தில் ஒரு நிமிடத்துக்கு 60 முதல் 130 எம்பி வரை போகும், போனைப் பொறுத்தது. பத்து நிமிடத்துக்கு ஒன்றரை ஜிபி வைத்திருந்தால் கவலையில்லை. 4கே வேண்டாம், அனுப்பவே முடியாது.

வீட்டில் குசினித் தராசு இருந்தால் அதையும் எடுத்து வையுங்கோ. மிச்சத்தைக் கொஞ்சத்தில் எழுதுகிறேன், கடைக்கு ஆள் வந்துவிட்டார்.

---

சிவம்_சுன்னாகம் | 3.40

தொடர்கிறேன்.

ஒருவர் போனைப் பிடிக்க, இன்னொருவர் திறந்தால் வசதி. ஆள் இல்லாவிட்டால் கதிரையில் புத்தகம் அடுக்கி அதன்மேல் போனைச் சாய்த்து வைக்கலாம். கீழே வெள்ளைத் துணி விரியுங்கோ. பெட்டியும் உங்கள் இரண்டு கையும் எந்த நேரமும் சட்டத்துக்குள் இருக்க வேண்டும். கத்தரிக்கோல் எடுக்க எழும்பிப் போகக் கூடாது, முன்பே பக்கத்தில் இருக்கட்டும்.

லேபிளில் தொடங்குங்கோ. கோட்டு எண்ணை வாய்விட்டு வாசியுங்கோ. ஆறு முகத்தையும் மெதுவாகத் திருப்பிக் காட்டுங்கோ, ஒரு முகத்துக்கு மூன்று நொடியாவது. டேப்பின் மேல் விரலை ஓட்டிக் காட்டினால் அது எங்கே தூக்கியிருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரியும். பிறகு தராசில் வைத்து எண்ணைக் காட்டுங்கோ.

இனி நான் சொல்வதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். சந்தேகமான டேப் இருக்கும் பக்கத்தை வெட்டாதேயுங்கோ. அதற்கு எதிர்ப் பக்கத்தால் பெட்டியைத் திறவுங்கோ. அந்த டேப்பும் அதன் கீழே இருக்கும் அட்டையும்தான் உங்கள் சாட்சி. அதை நீங்களே வெட்டிவிட்டால், கிழிந்தது முன்பா உங்கள் கத்தரிக்கோலாலா என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் வையுங்கோ. பற்றுச்சீட்டு இருந்தால் அதைக் கிட்டக் காட்டுங்கோ. மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் தொடர் இலக்கமும் அதன் பெட்டியில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று ஒரே ஓட்டத்தில் காட்டுங்கோ. ஸ்ரிப் பெட்டியில் காலாவதித் திகதியையும். பற்றரி போட்டு மெஷின் எழும்புகிறதா என்பதையும் அந்த ஓட்டத்திலேயே பார்த்துவிடுங்கோ.

கடைசியில், வந்த எல்லாவற்றையும், அட்டைப்பெட்டி, குமிழ்த்தாள், வெட்டிய டேப் துண்டு உட்பட, திரும்பத் தராசில் வையுங்கோ. முதல் நிறையும் கடைசி நிறையும் ஒன்றாக இருந்தால், வீடியோ ஓடும்போது நீங்கள் ஒன்றையும் ஒளிக்கவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை.

---

மதி_கொக்குவில் | 4.20

சிவம் அண்ணா, நேரம் எடுத்து எழுதியதற்கு மிக்க நன்றி. அம்மாவிடம் சொல்லி இப்போதே தராசில் வைக்கச் சொன்னேன், திறக்காமல். 860 கிராம் காட்டுகிறதாம். படம் அனுப்பினா. ஆனால் லேபிளில் 1.2 கிலோ என்று அடித்திருக்கிறது. லேபிள் படத்தையும் இத்தோடு போடுகிறேன்.

---

களம்_பொறுப்பு | 4.26

மதி, நீங்கள் போட்ட லேபிள் படத்தில் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் தெரிந்தது. அதனால் படத்தை எடுத்துவிட்டேன். கடைக்கு அனுப்பும் படத்தில் அவை இருக்கத்தான் வேண்டும், பொது இடத்தில் வேண்டாம்.

---

ரஜி_நெல்லியடி | 4.29

340 கிராம் குறைகிறது! இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வழியில் எடுத்துவிட்டார்கள். திறக்கவே வேண்டாம், அப்படியே கூரியர் கிளைக்குக் கொண்டுபோய் எறிந்துவிட்டு வாருங்கோ.

---

சிவம்_சுன்னாகம் | 4.38

ரஜி, பொறுங்கோ. மதி, ஓர் அடிக்கோலால் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து சொல்லச் சொல்லுங்கோ.

---

மதி_கொக்குவில் | 4.47

30 சதமமீற்றர், 20, 10. அம்மா தையல் நாடாவால் அளந்தா.

---

சிவம்_சுன்னாகம் | 4.58

நினைத்தேன். 30ஐ 20ஆல் பெருக்கி, அதை 10ஆல் பெருக்கினால் 6000. அதை 5000ஆல் வகுத்தால் 1.2.

கூரியரில் பல இடங்களில், பெட்டி பாரமில்லாமல் பெரிதாக இருந்தால் அது வண்டியில் பிடிக்கும் இடத்துக்குக் காசு எடுப்பார்கள். அளவைப் பெருக்கி 5000ஆல் வகுப்பது அதற்கு வழக்கமான கணக்கு. தராசு நிறை, இந்தக் கணக்கு நிறை இரண்டில் எது கூடவோ அதை லேபிளில் அடிப்பார்கள். ஆகவே இந்த 1.2 ஒருபோதும் தராசில் ஏறாத எண்ணாகவும் இருக்கலாம். அதைப் பிடித்துக்கொண்டு “340 கிராம் களவு போனது” என்று எழுதினால், இதே கணக்கைக் காட்டி ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அதன் பிறகு நீங்கள் சொல்லும் சரியான விஷயத்தையும் கேட்க மாட்டார்கள்.

அதற்காக எடுக்கவில்லை என்றும் நான் சொல்லவில்லை. திறந்தால்தான் தெரியும். காசு கட்டி, கையெழுத்தும் வைத்து வாங்கியதை கூரியர் கிளையில் திறக்காமல் போட்டுவிட்டு வந்தால், உள்ளே என்ன இருந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல உங்களிடம் ஒன்றும் இராது.

இன்னொன்று. தராசு சரியா என்று கேட்பார்கள். வீட்டில் உடைக்காத 400 கிராம் பால்மாப் பைக்கற் இருக்கும்தானே, வீடியோவில் முதலில் அதை வைத்துக் காட்டுங்கோ. பையின் நிறையோடு 400க்குச் சற்று மேலே காட்டினால் தராசு ஒழுங்கு என்று யாருக்கும் விளங்கும்.

---

கடலோரம் | 5.15

சிவம் சொன்ன விமான நிலை விஷயத்தை லேசாக எடுக்க வேண்டாம். எனக்கு நடந்தது. நான் பருத்தித்துறை. போன மார்கழியில் ஒரு போன் எடுத்தேன். பெட்டியின் எண்ணைக் காட்டி, டேப்பை வெட்டி, மேல் மூடியைத் தூக்கும் நேரம் சுவிஸிலிருந்து சித்தப்பாவின் அழைப்பு. வீடியோ நின்றுவிட்டது. அழைப்பை வெட்டிவிட்டு உடனே திரும்பத் தொடங்கினேன், இடைவெளி பதினொரு நொடிதான். உள்ளே போனுக்குப் பதில் பழைய சார்ஜர் இரண்டு.

இரண்டு வீடியோவையும் அனுப்பினேன். “முதல் வீடியோ மூடி திறக்க முன் முடிகிறது, இரண்டாவது திறந்த பெட்டியில் தொடங்குகிறது” என்று பதில் வந்தது. அந்தப் பதினொரு நொடியில் நான் என்ன செய்தேன் என்பதை என்னால் எதைக் கொண்டும் காட்ட முடியவில்லை. 48,000 ரூபா. நான் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும், என் வீட்டாருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

---

மதி_கொக்குவில் | 7.50

எடுத்துவிட்டோம். பக்கத்து வீட்டுத் தம்பி போனைப் பிடித்தார், நான் திறந்தேன். வீடியோ ஒன்பது நிமிடம், இடையில் வெட்டு இல்லை.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். பால்மா 408 காட்டியது. பெட்டி 860. தெளிவான டேப்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தபோது இரண்டு விஷயம் தெரிந்தது. கீழே இருக்கும் மண்ணிற டேப் நடுக்கோட்டில் நேராக வெட்டப்பட்டிருக்கிறது, அதன் இரண்டு விளிம்பும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, ஒரு நெல்மணி அகலம் இடைவெளி. அத்தோடு டேப்பின் ஓரமாக அட்டையின் மேல்தாள் உரிந்து, உள்ளே வரிவரியான தாள் தெரிகிறது. அந்த உரிந்த இடம் தெளிவான டேப்புக்குக் கீழேதான் இருக்கிறது. மேல் டேப்பை நான் தொடவில்லை. நீங்கள் சொன்னபடி எதிர்ப் பக்கத்தால் திறந்தேன்.

உள்ளே பிரஷர் மெஷின் பெட்டி ஒன்று, குமிழ்த்தாள், பற்றுச்சீட்டு. சீனி மெஷினும் இல்லை, ஸ்ரிப்பும் இல்லை. பற்றுச்சீட்டில் மூன்று வரி இருக்கிறது, மூன்றும் வந்ததாக. குமிழ்த்தாளை முழுக்க விரித்துக் காட்டினேன். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினேன். மெஷினின் தொடர் இலக்கம் பெட்டியோடு ஒத்துப்போகிறது, வேலையும் செய்கிறது. அம்மாவுக்குப் பார்த்தோம், 148க்கு 86. கோபத்தில் கூடியிருக்கும் என்று சொன்னா.

மெஷின் பெட்டி தனியே 690. அட்டை, தாள், டேப் துண்டு எல்லாம் 170. கூட்டினால் 860, தராசிலும் அதே 860.

---

பூங்கனி | 8.12

மதி, நான் மானிப்பாயில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அதே மாதிரி சீனி மெஷின் பெட்டியும், 50 ஸ்ரிப் பெட்டி இரண்டும் எங்களிடம் இருந்தது, இப்போதுதான் தராசில் வைத்தேன். மூன்றும் சேர்த்து 290 கிராம். உங்களுடைய 860ஓடு சேர்த்தால் 1150. அதைக் கிட்டிய நூறுக்கு உயர்த்தி அடித்தால் 1.2 தான் வரும்.

---

ரஜி_நெல்லியடி | 8.20

அப்போ நான் சொன்னது சரிதானே?

---

சிவம்_சுன்னாகம் | 8.45

ரஜி, நீங்கள் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் 1.2 என்பது இரண்டு வழியாலும் வருகிறது, அதுதான் சிக்கல். பெட்டியை அளந்து வந்த எண்ணா, எல்லாச் சாமானும் உள்ளே இருந்தபோது தராசில் ஏறிய எண்ணா என்று லேபிளைப் பார்த்து நானும் சொல்ல முடியாது, யாரும் சொல்ல முடியாது. கூரியரின் கணினியில் இரண்டும் தனித்தனியே பதிவாகியிருந்தால் அதில் தெரியும். ஆகவே கடையிடம் கேட்க வேண்டியது “ஏன் நிறை குறைகிறது” என்பதல்ல. “களஞ்சியத்தில் பொதி கட்டியபோது தராசு காட்டிய நிறை என்ன” என்பதுதான். பூங்கனியின் 290 அப்போது உதவும்.

டேப் விஷயத்துக்கு வருவோம். அட்டை உரிந்த இடம் மேல் டேப்புக்குக் கீழே இருப்பது நல்ல சாட்சி. ஒரு தரம் ஒட்டிய டேப்பை இழுத்தால்தான் அட்டையின் மேல்தாள் அப்படி வரும். மேலே இன்னொரு டேப் ஒட்டிய பிறகு அப்படி உரிய வழியில்லை. ஆகவே முதல் டேப் ஒட்டிய பிறகு பெட்டி ஒரு தரம் திறந்திருக்கிறது என்பது உறுதி. யார் திறந்தது என்பது உறுதியில்லை. களஞ்சியத்திலேயே பற்றுச்சீட்டு வைக்க மறந்து, வெட்டித் திரும்ப ஒட்டுவார்கள். நானே பார்த்திருக்கிறேன். அதனால் “கூரியர் எடுத்தது” என்று எழுதாதேயுங்கோ. “பெட்டி முன்பு திறந்து மீண்டும் ஒட்டப்பட்டிருக்கிறது, பற்றுச்சீட்டில் உள்ள மூன்றில் இரண்டு இல்லை” என்று கண்டதை மட்டும் எழுதுங்கோ.

உங்கள் பக்கத்தில் ஒரு பலவீனம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். பார்சல் 11க்கு வந்தது, வீடியோ ஐந்தரைக்கு. அந்த ஆறரை மணி நேரம் அது உங்கள் வீட்டில் இருந்தது. நீங்களே திறந்து ஒட்டினீர்கள் என்று ஒருவர் சொன்னால் வீடியோ அதற்குப் பதில் சொல்லாது. கூரியர் தம்பி ஒப்படைக்கும்போது பெட்டியைப் படம் எடுத்தாரா என்று கேளுங்கோ, பல இடங்களில் எடுக்கிறார்கள். அதில் அந்தத் தெளிவான டேப் தெரிந்தால் இந்தக் கேள்வியே எழாது. அடுத்த முறை அம்மாவிடம் சொல்லிவையுங்கோ, கேற்றடியில் ஆள் நிற்கும்போதே ஒரு படம்.

அனுப்பும் விதம். வீடியோவில் ஒரு நொடியும் வெட்ட வேண்டாம், தொடக்கத்தில் தேவையில்லாத பேச்சு இருந்தாலும் பரவாயில்லை. வெட்டினால் புதுக் கோப்பாகச் சேமிக்கும், பதிவு நேரமும் மாறிவிடலாம். அக்காவுக்கு வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், படத்துக்குள் இருக்கும் எடுத்த நேரமும் போய்விடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கோ, 2 ஜிபி வரை போகும். இல்லாவிட்டால் கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பைக் கொடுங்கோ. மூலக் கோப்பைப் போனிலிருந்து அழிக்க வேண்டாம். ஓடர் அக்காவின் பெயரில் இருப்பதால் முறைப்பாட்டையும் அக்காதான் போட வேண்டும். படங்களில் லேபிள், டேப், பற்றுச்சீட்டு, வந்தது எல்லாம் விரித்து வைத்த ஒன்று, இந்த நாலும் போதும். வீடியோவில் எந்த நிமிடத்தில் எது வருகிறது என்று இரண்டு வரி எழுதிவிடுங்கோ. மேசையில் இருப்பவர் ஒன்பது நிமிடமும் பார்க்க மாட்டார்.

பெட்டியை வீச வேண்டாம். கோப்பு முடியும்வரை அப்படியே இருக்கட்டும்.

---

ஓய்வு_ஆசிரியர் | 9.30

இத்தனையும் வாசித்தேன். சிவத்தின் அறிவை மதிக்கிறேன். ஆனால் ஒன்றை ஏற்க முடியவில்லை. எழுபது வயதுத் தாய் ஒருவர், பால்மாப் பைக்கற்றை நிறுத்துக் காட்டி, சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்துத்தான் தன் பொருளைப் பெற வேண்டுமா? பொதி கட்டும் மேசைக்கு மேல் ஒரு கமெரா பூட்டுவது விற்பவருக்குப் பெரிய காரியமா? வீடியோ இல்லாவிட்டால் காசு இல்லை என்று ஒரு கடை தன் விதியில் எழுதிவிட்டால், வாங்குபவரின் உரிமை அத்தோடு போய்விடாது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 1977க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். மதி, கடையோடு எழுதிக்கொண்டே அந்த மூன்று மாதத்தைப் போகவிட வேண்டாம்.

---

சிவம்_சுன்னாகம் | 9.52

ஐயா, நீங்கள் சொல்வதில் எனக்கும் மறுப்பில்லை. நாங்கள் இருந்த இடத்தில் பொதி மேசைக்கு மேல் கமெரா இருந்தது. ஆனால் பதிவு சில கிழமையில் தானாக அழிந்துவிடும். அதனால்தான் மதி, முறைப்பாட்டில் “பொதி கட்டியபோது எடுத்த கமெராப் பதிவைப் பாதுகாத்து வையுங்கள்” என்று முதல் நாளே ஒரு வரி எழுதச் சொல்லுங்கோ. பிந்தினால் கேட்டும் பயனில்லை.

---

வடலி | 10.05

சிவம் அண்ணா, கையில் காசு கொடுத்து வாங்கும் பார்சல் என்றால்? கூரியர் தம்பி நிற்கும்போதே திறந்து பார்க்கலாமா?

---

கடலோரம் | 10.11

எங்கள் பக்கம் விட மாட்டார்கள். காசு தந்தால்தான் பெட்டி என்பார்கள். அவருக்கும் ஒரு நாளைக்கு எத்தனையோ வீடு.

---

சிவம்_சுன்னாகம் | 10.20

பெரும்பாலும் விட மாட்டார்கள், சில கடைகள் விடுகின்றன. ஆனால் வெளியே இருந்து பார்க்க யாரும் தடுக்க முடியாது. டேப் மேல் டேப், நசிந்த மூலை, ஈரம் கண்டால் காசு கொடுக்கும் முன் படம் எடுத்துவிட்டு, வேண்டாம் என்று திருப்பிவிடலாம். காசு கட்டாத ஓடரில் அதுதான் உங்கள் பலம். மதியின் அக்கா முன்பே கட்டிவிட்டதால் அந்த வழி அவர்களுக்கு இருக்கவில்லை.

---

மதி_கொக்குவில் | திங்கள், காலை 8.35

எல்லோருக்கும் ஒரு செய்தி சொல்ல வந்தேன். அக்கா அன்றிரவே முறைப்பாடு போட்டா, சிவம் அண்ணா சொன்ன ஒழுங்கில். வீடியோவின் நேரங்களையும் எழுதினோம்: லேபிள் 0.20, டேப் 1.35, தராசு 2.10, பெட்டி வெறுமை 5.40, கடைசி நிறை 8.25.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. வீடியோவை ஏற்றுக்கொள்கிறார்களாம். பொதி கட்டிய நிறையைக் கேட்டோம். தங்கள் களஞ்சியத்தில் சிறு பொதிகளைத் தராசில் வைப்பதில்லை, 1.2 என்பது கூரியர் போட்டது என்று எழுதியிருக்கிறார்கள். கமெராப் பதிவைப் பார்த்துச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறார்கள்.

கூரியர் கிளைக்கு நான் நேரே போனேன். ஒப்படைத்தபோது எடுத்த படம் அவர்களிடம் இருக்கிறது. கேற்றுக்குப் பக்கத்தில் அம்மாவின் கையில் பெட்டி. தெளிவான டேப் உள்ள பக்கம் அம்மாவின் கைக்குக் கீழே மறைந்திருக்கிறது, ஓர் ஓரம் மட்டும் பளபளவென்று தெரிகிறது. அது டேப்பா, வெயிலா என்று பார்த்தவர் ஒருவர் ஒன்று சொன்னார், மற்றவர் இன்னொன்று சொன்னார். படத்தின் பிரதியை வாங்கி அக்காவுக்கு ஆவணமாக அனுப்பியிருக்கிறேன்.

அம்மாவுக்கு ஸ்ரிப் இல்லாமல் இருக்க முடியாது என்பதால் பூங்கனி அக்காவின் கடையில் ஒரு பெட்டி வாங்கிவிட்டோம். பழைய மெஷினில் பார்க்கிறோம். அட்டைப்பெட்டி அலுமாரிக்கு மேலே இருக்கிறது.

---

சிவம்_சுன்னாகம் | திங்கள், 9.10

அந்தப் படத்தைத் திரையில் பார்த்து எடுத்த படமாக வாங்காமல், மூலக் கோப்பாகவே கேளுங்கோ, தங்கச்சி. பெரிதாக்கிப் பார்த்தால் அந்தப் பளபளப்பு நேர்கோட்டில் முடிகிறதா என்று தெரியும். டேப் என்றால் விளிம்பு நேராக இருக்கும்.